பத்து ஆடுகள், மாதம் எவ்வளவு?

பத்துப் பெட்டை ஆடுகள் வைத்திருக்கும் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டால், பல இடங்களில் ஒரே கணக்கைத்தான் சொல்வார்கள். ஓர் ஆடு வருடத்துக்கு இரண்டு ஈத்து, ஈத்துக்கு இரண்டு குட்டி, ஆக பத்து ஆட்டுக்கு நாற்பது குட்டி, குட்டி ஆறாயிரம் ரூபாய், வருடத்துக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். மாதத்துக்கு இருபதாயிரம். இந்தக் கணக்கை நம்பிக் கடன் வாங்கிக் கொட்டகை போட்டவர்கள் இரண்டாம் வருடமே ஆட்டை விற்றுவிட்டு வெளியேறுவதைக் கிராமங்களில் பார்க்கலாம். கணக்கின் முதல் வரியே தவறு. வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள், அதாவது ஐந்து மாதம். குட்டி போட்ட ஆடு பால் கொடுத்து, உடல் தேறி, மறுபடி பருவத்துக்கு வர இரண்டு மூன்று மாதமாவது வேண்டும். எல்லாம் சரியாக நடந்தாலும் எட்டு மாதத்துக்கு ஓர் ஈத்துதான். இரண்டு வருடத்தில் மூன்று ஈத்து என்பதே உச்சம்.

ஆகையால் ஆட்டுக் கணக்கை ஒரு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ போடக் கூடாது. 24 மாதத்துக்குப் போட்டு, கடைசியில் 24-ஆல் வகுக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஐந்து குட்டி விற்றுப் பணம் வரும். அடுத்த நான்கு மாதம் செலவு மட்டுமே இருக்கும். இரண்டு வருடத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் மேடு பள்ளம் சமமாகும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் உதாரணம் தென்மாவட்டக் கரிசல் காட்டில் பகலில் மேய்ந்து இரவில் கொட்டகையில் அடையும் பத்துக் கன்னி ஆடுகளும் ஒரு கிடாயும். கன்னி ஆடு தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலி மாவட்டங்களின் இனம். கறுத்த உடலில் முகத்தின் இருபுறமும் வெள்ளைக் கோடு இருந்தால் பால்கன்னி, செம்பழுப்புக் கோடு இருந்தால் செங்கன்னி. வறட்சியைத் தாங்கும், இரட்டைக் குட்டி போடுவது இதில் சாதாரணம். கீழே வரும் விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. அவரவர் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொண்டால் கணக்கு அப்படியே பொருந்தும்.

முதலில் குட்டிகளின் எண்ணிக்கை. பத்து ஆட்டுக்கு இரண்டு வருடத்தில் முப்பது ஈத்து என்பது உச்சக் கணக்கு. ஒன்றிரண்டு ஆடு பருவத்துக்கு வருவது தெரியாமல் போகும், ஒன்று சினை நிற்காது, ஒன்று குறைமாதத்தில் குட்டியை வீசும். அதனால் 25 ஈத்து என்று வைப்பதே நியாயம். சராசரியாக 9.6 மாதத்துக்கு ஓர் ஈத்து என்று இதற்குப் பொருள். சில ஈத்தில் ஒரு குட்டி, பெரும்பாலானவற்றில் இரண்டு, ஆக ஈத்துக்கு 1.6 என்று கொண்டால் 40 குட்டிகள் பிறக்கின்றன. இவற்றில் நூற்றுக்குப் பதினைந்து, அதாவது ஆறு குட்டி, விற்பனை வயதுக்கு வருமுன் இறந்துவிடுவதாகக் கொள்வோம். மிச்சம் 34, பாதிக்குப் பாதி கிடாயும் பெட்டையும்.

இந்த 34-ஐயும் விற்க முடியாது. இரண்டு வருடத்தில் ஒரு தாயாடு இறந்துபோகலாம், பல் தேய்ந்த மூன்று கிழ ஆடுகளைக் கழிக்க வேண்டியிருக்கும். அந்த நான்கின் இடத்துக்கு நான்கு பெட்டைக் குட்டிகளை நிறுத்த வேண்டும். இதனால்தான் தாயாட்டின் விலையைத் தனிச் செலவாக எழுதத் தேவையில்லை. இறந்த ஆட்டின் நட்டமும் இந்த நிறுத்திய குட்டியிலேயே அடங்கிவிடுகிறது. ஆட்டின் சாவையும் செலவில் எழுதி, அதற்குப் பதில் நின்ற குட்டியையும் கழித்தால் ஒரே நட்டத்தை இருமுறை எழுதியதாகும்.

விற்பனைக்கு வருபவை 17 கிடாய், 13 பெட்டை. ஏழெட்டு மாத வயதில் கிடாய் 17 கிலோ, பெட்டை 14 கிலோ என்றும், உயிர் எடை கிலோ 350 ரூபாய் என்றும் வைத்தால், கிடாய் ஒன்று 5,950 ரூபாய், பெட்டை 4,900 ரூபாய். முப்பதுக்கும் சேர்த்து 1,64,850 ரூபாய். கழித்த மூன்று ஆடுகளுக்குத் தலா 6,500 வீதம் 19,500. கொட்டகையில் சேரும் புழுக்கைக்கு இரண்டு வருடத்துக்கு 8,000. மொத்த வரவு 1,92,350 ரூபாய்.

இதில் ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். சந்தையிலும் வீட்டு வாசலிலும் இன்றும் பல ஆடுகள் கண்மதிப்பிலேயே விலை பேசப்படுகின்றன. வியாபாரி முதுகெலும்பையும் இடுப்பையும் விரலால் அழுத்திப் பார்த்து, ஓர் எண்ணைச் சொல்கிறார். அவர் கை நாள்தோறும் நூறு ஆட்டைத் தொட்ட கை. விற்பவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. குட்டிக்கு இரண்டு கிலோ குறைத்து மதிப்பிட்டாலே 700 ரூபாய் போய்விடும். முப்பது குட்டிக்கு 21,000, மாதத்துக்கு 875 ரூபாய். ஒரு தொங்கு தராசும் சாக்குத் தொட்டிலும் வாங்கி வைத்து, வியாபாரி வருவதற்கு முன்பே எடை போட்டு வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் மிக மலிவான முதலீடு.

இனி செலவு. மேய்ச்சல் ஆட்டுக்குத் தீவனச் செலவே இல்லை என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. மேய்ச்சலில் வயிறு நிறையும், ஆனால் சினையின் கடைசி ஒன்றரை மாதத்திலும் குட்டி போட்ட முதல் இரண்டு மாதத்திலும் அது போதாது. குட்டி வயிற்றுக்குள் பெரிதும் வளர்வது அந்தக் கடைசி வாரங்களில்தான். அப்போது தாய்க்குக் கிடைக்காதது, பிறக்கும் குட்டியின் எடையில் குறையும், மடியில் பாலாகக் குறையும். எனவே அந்த நூறு நாளுக்கு மட்டும் நாளொன்றுக்குக் கால் கிலோ அடர்தீவனம், அதாவது ஈத்துக்கு 25 கிலோ. 25 ஈத்துக்கு 625 கிலோ. கிடாய்க்கு நாளுக்கு 200 கிராம் வீதம் சுமார் 145 கிலோ. குட்டிகளுக்கு ஒரு மாத வயதிலிருந்து விற்கும் வரை நாளுக்குச் சராசரி 100 கிராம், 200 நாளுக்கு 20 கிலோ, 34 குட்டிக்கு 680 கிலோ. எல்லாம் சேர்த்து 1,450 கிலோ. மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு, கொஞ்சம் தாது உப்பு, சமையல் உப்பு என்று வீட்டிலேயே கலந்தால் கிலோ 30 ரூபாய்க்கு அடங்கும். ஆக 43,500 ரூபாய்.

தாயாடுகள் எல்லாவற்றுக்கும் வருடம் முழுக்கக் கால் கிலோ போட்டால் கூடுதலாக 1,200 கிலோ தீவனம், 36,000 ரூபாய், மாதத்துக்கு 1,500 ரூபாய் செலவு ஏறும். சினை பிடிக்காத, பால் கொடுக்காத ஆட்டுக்கு நல்ல மேய்ச்சல் இருக்கும்போது அது கொழுப்பாகத்தான் போகும். அடர்தீவனத்தை ஆட்டுக்கு ஆடு, நாளுக்கு நாள் பார்த்துக் கொடுப்பதில்தான் லாபம் இருக்கிறது.

அடைமழை நாட்களிலும் சித்திரை, வைகாசி வெயிலில் காடு காய்ந்து கிடக்கும்போதும் கொட்டகையில் ஏதாவது போட வேண்டும். வருடத்துக்கு 120 நாள், பெரிய ஆடும் வளர்ந்த குட்டியுமாகப் பன்னிரண்டு ஆட்டளவுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ சோளத்தட்டையோ கடலைக்கொடியோ என்றால், இரண்டு வருடத்துக்கு 2,880 கிலோ. கிலோ ஏழு ரூபாய் வீதம் 20,160. தாது உப்புக் கட்டிக்கு 2,400. தீவனம் மொத்தம் 66,060 ரூபாய். வரவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். வேலி ஓரத்தில் அகத்தி, கிளுவை, கல்யாண முருங்கை, வரப்பில் வேலிமசால் வைத்தவர்களுக்கு இந்தத் தொகை குறையும்.

கொட்டகைக்கு, பெரிய ஆடு ஒன்றுக்குப் பன்னிரண்டு சதுர அடி, கிடாய்க்கு இருபது, ஒரே சமயத்தில் இருக்கக்கூடிய இருபது குட்டிக்குத் தலா ஐந்து. மொத்தம் 240 சதுர அடி. மேட்டு நிலத்தில் மண்தரை, கல்தூண் அல்லது பனங்கால், மேலே தகரமோ ஓலையோ என்று சதுர அடி 250 ரூபாயில் முடித்தால் 60,000 ரூபாய். பத்து வருடம் உழைக்கும் என்றால் இரண்டு வருடத்துக்கான தேய்மானம் 12,000. கூரை மாற்ற, பட்டியல் கம்பு மாற்ற 4,000. ஆக 16,000. பரண் கொட்டகையை எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்து தரை உலர்ந்திருக்கும் என்பது உண்மையான நன்மைதான். ஆனால் சதுர அடிக்கு 600 ரூபாய் என்றால் 1,44,000 ரூபாய் ஆகும். தேய்மானம் மட்டும் மாதம் 500 ரூபாயிலிருந்து 1,200 ஆகிவிடும். பத்து ஆட்டுக்கு அந்தப் பாரம் அதிகம். குட்டிகள் படுக்கும் மூலைக்கு மட்டும் ஒரு சிறு பரண் போட்டால், உலர்ந்த தரையின் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

தடுப்பூசிக்கு ஆகும் பணம் சிறியது, ஆனால் எப்போது போடுவது என்பதுதான் முக்கியம். ஆட்டுக்கொல்லி நோய்க்குக் குட்டிக்கு நான்கு மாதம் ஆனபின் போட்டால் மூன்று வருடம் வரை தாங்கும். அரசு முகாம்களில் பெரும்பாலும் இலவசமாகவே போடுகிறார்கள். துள்ளுமாரி நோய்க்கு வருடந்தோறும் மழைக்கு முன்பே போட்டாக வேண்டும். முதல் முறை போடும் குட்டிக்கு இரண்டு மூன்று வார இடைவெளியில் இன்னொரு ஊசி தேவை. முதல் மழைக்குப் பின் முளைத்த இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த குட்டியின் குடலில் நச்சுக் கிருமி பெருகுவதால் வருவது இந்த நோய். கொழுத்து நிற்கும் நல்ல குட்டியைத்தான் முதலில் கொண்டுபோகும். மாலையில் துள்ளி விளையாடியது காலையில் செத்துக் கிடக்கும். மழை பெய்தபின் ஊசி தேடி அலைவதில் பலனில்லை.

குடற்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதிலும் கண்ணை மூடிக்கொண்டு எல்லா ஆட்டுக்கும் ஊற்றுவதைவிட, ஆட்டின் கீழ் இமையைப் பெருவிரலால் தாழ்த்திப் பார்த்து முடிவு செய்வது நல்லது. உள்பக்கம் நல்ல சிவப்பாக இருந்தால் ரத்தம் இருக்கிறது. வெளிறிச் சுண்ணாம்பு போலிருந்தால் புழு ரத்தத்தை உறிஞ்சுகிறது. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினால் நிலைமை முற்றிவிட்டது. சினையின் முதல் மாதங்களில் இருக்கும் ஆட்டுக்கு அல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது, கரு பாதிக்கப்படும். என்ன மருந்து, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தடுப்பூசி, புழு மருந்து, அவ்வப்போது வரும் வைத்தியம் எல்லாம் சேர்த்து இரண்டு வருடத்துக்கு 10,000 ரூபாய் வைக்கலாம்.

இன்னும் இரண்டு சிறு செலவுகள். கிடாயை இரண்டு வருடத்துக்கு மேல் வைத்தால் தன் மகள்களையே சேரும், குட்டிகள் நோஞ்சானாகும். 12,000-க்கு வாங்கி 9,000-க்கு விற்று மாற்றினால் 3,000 செலவு. சந்தைக்கு ஏற்றும் வண்டி, சுங்கம் 5,000. ஆக மொத்தச் செலவு 1,00,060 ரூபாய். வரவிலிருந்து கழித்தால் 92,290. இருபத்து நான்கு மாதத்துக்கு வகுத்தால் மாதம் 3,845 ரூபாய்.

இந்த எண் எதில் அதிகம் ஆடுகிறது என்று பார்த்தால், குட்டிச் சாவில்தான். பிறந்த சில நாளில் ஒரு குட்டி செத்தால், அது தின்றிருக்கும் தீவனமும் சந்தைச் செலவும் போக சுமார் 4,700 ரூபாய் நட்டம். 24 மாதத்துக்குப் பரப்பினால் மாதம் ஏறக்குறைய 200 ரூபாய். ஆறு சாவு பன்னிரண்டானால், அதாவது நூற்றுக்கு முப்பதானால், மாதம் 3,845 என்பது 2,650-க்கு இறங்கும். பதினாறு குட்டி போனால் 1,900-க்கும் கீழே. நூற்றுக்கு முப்பது என்பது கவனிப்பில்லாத கொட்டகையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரே மாதத்தில் வந்துவிடக்கூடிய அளவு. ஐந்தாம் மாதத்தில் சாகும் குட்டி தின்ற தீவனத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

பெரும்பாலான குட்டிகள் முதல் மாதத்திலேயே சாகின்றன, அதுவும் காப்பாற்றக்கூடிய காரணங்களால். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு அந்தப் பால் வழியாகத்தான் வருகிறது. குடல் அதை உறிஞ்சும் திறன் ஒரு நாளுக்குள் போய்விடும். முதல் நாளில் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது அளவு. 1.8 கிலோ குட்டிக்கு ஏறக்குறைய 180 மில்லி, பல தடவையாக. மூன்று குட்டி போட்ட ஆட்டிடம் வலிய குட்டிகள் இரண்டும் மடியைப் பிடித்துக்கொள்ளும், மெலிந்தது ஒதுங்கி நிற்கும். அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தால் ஒட்டிக் கிடக்கும். வாயில் விரல் வைத்தால் குளிர்ந்திருக்கும். அந்தக் குட்டிக்குப் பாலைக் கறந்து ஊட்டுவதும், தொப்புள்கொடியில் அயோடின் தடவுவதும், இரவில் சாக்குப் படுதா கட்டி ஈரக்காற்றைத் தடுப்பதும் செலவே இல்லாத வேலைகள். ஒன்று முதல் மூன்று மாதக் குட்டி வாலில் கழிச்சல் ஒட்டி, அதில் ரத்தம் தெரிந்தால், ஈரத்தரையில் பரவும் ரத்தக் கழிச்சல் என்று சந்தேகித்து உடனே மருந்து தேட வேண்டும். சந்தையிலிருந்து புதிதாக வாங்கிய ஆட்டை மூன்று நான்கு வாரம் தனியே கட்டுவதும் இதோடு சேர்ந்தது. மூக்கொழுக்கும் வாய்ப்புண்ணும் கழிச்சலுமாக ஆட்டுக்கொல்லி நோய் ஒரு பட்டிக்குள் நுழைவது பெரும்பாலும் அப்படி வந்த ஆட்டோடுதான்.

குட்டிச் சாவைப் போலவே தின்னும் இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது. ஈத்து இடைவெளி 9.6 மாதத்திலிருந்து பன்னிரண்டாக நீண்டால் 25 ஈத்து 20 ஆகும், விற்கும் குட்டி 30-லிருந்து 23-க்கு இறங்கும். மிச்சமாகும் தீவனத்தைக் கழித்த பிறகும் மாத வருமானம் 2,600 அளவுக்கு வந்துவிடும். நூற்றுக்கு முப்பது குட்டி சாவதற்கு இது சமம். செத்த குட்டியை எல்லோரும் பார்க்கிறார்கள், பிறக்காத குட்டியை யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வோர் ஆட்டுக்கும் குட்டி போட்ட தேதி, கிடாயோடு சேர்ந்த தேதி இரண்டையும் ஒரு நோட்டில் எழுதினால் போதும். குட்டி போட்டு நான்கு மாதம் தாண்டியும் சினை பிடிக்காத ஆடு எது என்று அதில் தெரிந்துவிடும். இரண்டு ஈத்தாக அப்படியே இழுக்கும் ஆட்டைக் கழித்துவிடுவதே சரி.

3,845 ரூபாய் என்பதில் ஆள்கூலி சேரவில்லை. நாளுக்கு 128 ரூபாய் வருகிறது. 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் கூலியே 336 ரூபாய். ஆக, நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் மேய்க்கத் தனியாக ஓர் ஆள் வைக்கும் அளவுக்குப் பத்து ஆடு தாங்காது. வீட்டில் இரண்டு மாடு மேய்க்கப் போகும் ஒருவரோ, தோட்ட வேலைக்கிடையே வரப்பில் ஆட்டைக் கட்டி மேய்க்கும் ஒருவரோ இருந்தால் மட்டும் அந்தப் பணம் முழுதும் வருமானமாகும். ஒரே ஆள் நாற்பது ஆட்டையும் மேய்த்துவிட முடியும் என்பதால், மந்தை பெருகப் பெருக ஓர் ஆட்டுக்கான உழைப்பு குறையும். மேய்ச்சல் நிலம் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

வட்டியும் இதில் இல்லை. பத்து மாத வயதுள்ள பெட்டைகள் பத்து, தலா 8,000 வீதம் 80,000, கிடாய் 12,000, கொட்டகை 60,000 என்று முதல் 1,52,000 ரூபாய். இது நூற்றுக்குப் பத்து வட்டிக் கடன் என்றால் மாதம் 1,267 ரூபாய் வட்டிக்கே போய், 2,578 ரூபாய்தான் கையில் நிற்கும். கடன் வாங்கித் தொடங்குபவர் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். இதுவரை சொன்னது ஓடிக்கொண்டிருக்கும் மந்தையின் கணக்கு. புதிதாக வாங்கிய பெட்டை ஊருக்குப் பழகிக் கிடாய் சேர இரண்டு மாதம், சினை ஐந்து மாதம், குட்டி விற்பனைக்கு வர எட்டு மாதம். முதல் குட்டியை விற்க ஏறக்குறைய பதினைந்து மாதம் ஆகும். அதுவரை தீவனத்துக்கும் மருந்துக்கும் 40,000 ரூபாய் வரை கையிலிருந்து போடவேண்டியிருக்கும். அந்தத் தொகை ஒதுக்கி வைக்கப்படாத வீடுகளில், ஆறாம் மாதத்தில் ஒரு செலவு வரும்போது சினையாடே சந்தைக்குப் போகிறது. எனவே 1,92,000 ரூபாயும் கையில் இல்லாதவர் மூன்று பெட்டையோடு தொடங்கி, கிடாய்க்குப் பக்கத்து வீட்டைக் கேட்டுக்கொண்டு, பிறக்கும் பெட்டைக் குட்டிகளை நிறுத்திப் பத்தாக்குவது மெதுவான வழிதான் என்றாலும், வட்டியும் பெரிய முதலும் இல்லாத வழி.